வட்டத்துக்கு வெளியே எட்டுப் பேர்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வட்டம் சார். காம்பஸைத் தொடாமல், தோளிலிருந்து கையை ஒரே சுழற்றாகச் சுழற்றிக் கரும்பலகையில் வட்டம் போட்டுவிடுவார். கோடு கிளம்பிய இடத்துக்கே பிசகாமல் வந்து சேரும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பத்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் வட்டத்துக்குக் கைதட்டினால், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவாரே தவிர, உடனே இரண்டாவதும் போடுவார்.

அந்தப் பெருமையைச் சட்டை செய்யாத ஒரே ஆள் அவருடைய அக்கா. "வட்டம் போட்டது போதும்டா, சட்டைப் பொத்தானை ஒழுங்கா போடு" என்பாள். அவளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். ஆசிரியை இல்லை. தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த மாலை அறையைப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் மூன்று வகுப்புகள் நடக்கும்: பாட்டு, ஓவியம், கால்பந்து. சில பிள்ளைகள் ஒன்றுக்குப் போவார்கள், சிலர் இரண்டுக்கு, ஆர்வக் கோளாறு பிடித்த சிலர் மூன்றுக்குமே போவார்கள். எதிலும் சேராத பிள்ளைகளும் உண்டு. அவர்களில் வீட்டில் ஆளில்லாதவர்கள் மாலை அறையில் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் எழுதி, சண்டை போட்டு, மேசையில் கவிழ்ந்து தூங்கி, அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்ததும் கிளம்புவார்கள். அக்கா அவர்களுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பாள், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், சண்டையில் யார் முதலில் அடித்தது என்று தீர்ப்புச் சொல்வாள். அத்தான் இறந்தபின் இரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவள், அந்த அறைக்கு வந்தபிறகுதான் பழையபடி சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். வேலையை வாங்கிக் கொடுத்தது தம்பிதான். 'சொந்தக்காரிக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார்' என்று ஆசிரியர் அறையில் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. வந்தது மட்டுமில்லை, உள்ளே போய்க் குடியே இருந்துவிட்டது.

ஒருநாள் நிர்வாகக் குழுவின் செயலாளருக்கு அந்த அறையின் மேல் கண் விழுந்தது. புதிதாக வரப்போகும் ஆய்வக மேசைகளைப் போட இடம் வேண்டும். கூட்டத்தில் பேச்சைத் தொடங்கினார்.

"தினமும் முப்பது பேர் உக்காந்திருக்காங்கன்னு வருகைப் பதிவுல இருக்கு. ஆனா பாதிப் பேர் ஃபேன் காத்துக்கு வர்றவங்கதானே? கால்பந்து முடிஞ்சு, பாட்டு முடிஞ்சு, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அரட்டை அடிக்க வர்றாங்க. எந்த வகுப்புலயும் இல்லாத பிள்ளைங்க இருபது பேராவது இருந்தா அறை இருக்கட்டும். இல்லேன்னா மூடிடலாம்."

"இருபதுக்கு மேல இருப்பாங்க சார்," என்றாள் அக்கா. "முகத்தைப் பார்த்தாலே தெரியும்."

"முகத்தை வச்சு முடிவெடுக்க முடியுமாம்மா? நம்பர் வேணும்."

தலைமையாசிரியை ஒரு கணக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்தார். மாலை அறை சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கானது. அந்தப் பிள்ளைகள் மொத்தம் நூற்றிருபது பேர். ஒரே ஒரு கண்டிப்பு: 'எதுக்கும் போகாதவர்கள் கை தூக்குங்கள்' என்று மட்டும் கேட்கக் கூடாது. வசதியில்லாமல் சேராத பிள்ளைகள் நாலு பேர் முன்னால் கை தூக்கிக் கூனிக்குறுக வேண்டியதில்லை. போகிறவர்களை எண்ணினால் போதும், மிச்சத்தைக் கணக்கு சார் கண்டுபிடித்துக்கொள்வார். நல்ல மனசோடு சொன்ன யோசனைதான்.

எண்ணுகிற வேலை விளையாட்டு ஆசிரியருக்குப் போனது. கழுத்தில் விசில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவர் விசில் சார். பிள்ளைகளைக் கூடத்தில் நிறுத்தி, எண்ணி, அங்கிருந்த கரும்பலகையில் எழுதி, பலகையைத் துடைப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வட்டம் சாருக்கு அனுப்பிவிட்டு மைதானத்துக்கு ஓடிவிட்டார்.

ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து வட்டம் சார் அந்தப் படத்தைத் திறந்தார். பாட்டு 48, ஓவியம் 41, கால்பந்து 52. பாட்டும் ஓவியமும் 15. பாட்டும் கால்பந்தும் 12. ஓவியமும் கால்பந்தும் என்பதற்கு எதிரே இருந்த எண்ணின் மேல் டியூப்லைட் வெளிச்சம் அடித்து வெளுத்துக் கிடந்தது. மூன்றும் 7.

தாளில் செவ்வகம் ஒன்று வரைந்து, அதற்குள் ஒன்றோடொன்று மேலேறிய மூன்று வட்டங்களைப் போட்டார். 'நடுவிலிருந்து நிரப்பு' என்பது அவர் வகுப்பில் தாரக மந்திரம். மூன்று வட்டமும் சேரும் நடுவில் 7 என்று எழுதினார். அடுத்தது இரண்டிரண்டாகச் சேரும் இடங்கள். பாட்டுக்கும் ஓவியத்துக்கும் போகிற பதினைந்து பேரில், மூன்றுக்கும் போகிற ஏழு பேரும் அடக்கம். அவர்களைக் கழித்தால்தான் அந்த இரண்டுக்கு மட்டும் போகிறவர்கள் கிடைப்பார்கள். வருடா வருடம் பாதி வகுப்பு இந்த இடத்தில்தான் கோட்டை விடும். கழிக்காமல் அப்படியே பதினைந்தை எழுதிவைக்கும். சிவப்பு மையில் வட்டமிட்டு 'ஏழு எங்கே?' என்று எழுதி எழுதியே அவருக்குப் பேனாக்கள் தீர்ந்திருக்கின்றன. ஆகவே பதினைந்தில் ஏழு போக 8 என்று எழுதினார். பாட்டும் கால்பந்தும் பன்னிரண்டில் ஏழு போக 5.

மூன்றாவதுக்கு வந்தபோது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குள் இருந்தது 4 போலத் தெரிந்தது. நாலில் ஏழு போனால் மைனஸ் மூன்று. தனியாகவே சிரித்துவிட்டார். மைனஸ் மூன்று பிள்ளைகள் எந்த மைதானத்தில் பந்து உதைப்பார்கள்? மூன்று வகுப்புக்கும் போகிற ஏழு பேர் ஓவியத்துக்கும் கால்பந்துக்கும் போகத்தானே செய்கிறார்கள். அப்படியிருக்க அந்த எண் ஏழுக்குக் குறையவே முடியாது. விசில் சார் எழுதும் ஒன்பது தலை சரியாக மூடாமல் நாலு மாதிரிதான் இருக்கும். அப்படியானால் இது 9. ஒன்பதில் ஏழு போக 2. மங்கிக் கிடந்த எண்ணைத் தர்க்கத்தாலேயே படித்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூர ஒரு குதூகலம்.

மற்றதெல்லாம் மடமடவென்று விழுந்தது. பாட்டு மட்டும் 28, ஓவியம் மட்டும் 24, கால்பந்து மட்டும் 38. வட்டங்களுக்குள் இருந்த ஏழு பகுதிகளையும் கூட்டினால் 112. சரிபார்க்கச் சூத்திரத்தையும் போட்டார். மூன்று வகுப்புகளையும் கூட்டினால் 141. இரண்டு முறை எண்ணப்பட்டவர்களுக்காக இரண்டிரண்டு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 36-ஐக் கழிக்க வேண்டும். அப்படிக் கழிக்கும்போது மூன்றிலும் இருப்பவர்கள் அடியோடு காணாமல் போவதால் அந்த 7-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். அதுவும் 112. நூற்றிருபதில் அது போக, வட்டங்களுக்கு வெளியே, செவ்வகத்தின் மூலையில் 8 என்று எழுதினார்.

எட்டு. இருபது எங்கே, எட்டு எங்கே!

அவருக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வந்திருந்தால் 'அக்காவுக்காகக் கணக்கை வளைத்துவிட்டார்' என்று எத்தனை வாய் பேசியிருக்கும்! வருத்தம் அதற்குப் பின்னால்தான், மெதுவாக, வாசலில் தயங்கி நிற்கும் விருந்தாளி மாதிரி வந்தது. ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் விசில் சார் கத்திக்கொண்டிருப்பது கேட்டது. எழுந்து போய் 'அது நாலா, ஒன்பதா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் 'அக்கா வேலைக்காகத் துருவிப் பார்க்கிறார்' என்று விசில் சார் நினைத்துவிட்டால்? அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் பலகையில் மூன்று வட்டங்களைப் போட்டு, ஒவ்வொரு பகுதியாக நிரப்பிக் காட்டினார். செயலாளர் மகிழ்ந்துபோனார்.

"சொந்த அக்கா விஷயத்துலயும் சார் ஒரு நூல் கூட வளைஞ்சு கொடுக்கலை பாருங்க. இப்படி இருக்கணும்!"

கடைசி நாற்காலியில் இருந்த அக்கா மூலையில் இருந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து இருவரும் வீட்டுப் பக்கம் நடக்கும்போதுதான் கேட்டாள்.

"எட்டுப் பேர்தானாடா?"

"ஆமாக்கா. ரெண்டு விதமா போட்டுப் பாத்தேன்."

"எனக்கு நிறையத் தெரிஞ்சுதே..."

"வகுப்பு முடிஞ்சு வர்றவங்களையும் சேத்து எண்ணியிருப்ப. தினமும் பாக்கறதால எல்லாமே நம்ம பிள்ளைங்கன்னு தோணும்."

"இருக்கும்," என்றாள் அக்கா. "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவர் கொஞ்சம் யோசித்திருப்பாரோ என்னவோ.

மாதக் கடைசிவரை அறை நடந்தது. அந்த நாட்களில் வட்டம் சார் இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே தாழ்வாரத்தின் கடைசிவரை போய் எட்டிப் பார்த்தார். முன்பு இரைச்சலாகக் கிடந்த அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். பார்த்தாயா, கணக்கு என்னமாய்ச் சொல்லியிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். பிறகு அறை மூடப்பட்டது. மேசைகள் வந்து இறங்கின. அக்கா பெரிய தெருவில் இருந்த பல் மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுகிற வேலைக்குப் போனாள்.

பருவத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் நேரம் வந்தது. சொந்தப் பள்ளியின் கணக்கெடுப்பையே கேள்வியாக வைத்தால் பிள்ளைகள் ஆசையாகப் போடுவார்கள், பலகைப் படத்தையும் கேள்வியோடு அச்சடிக்கலாம் என்று வட்டம் சாருக்குத் தோன்றியது. அந்த வெளிச்சம் மட்டும்தான் இடைஞ்சல். விசில் சாரிடம் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார். விசில் சார் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டே போனை நீட்டினார். பக்கவாட்டில் நின்று எடுத்த படம். வெளிச்சமே இல்லை. ஓவியமும் கால்பந்தும் என்பதற்கு எதிரே பளிச்சென்று 4.

"சார், இதைத் தப்பா எழுதியிருக்கீங்க," என்றார் வட்டம் சார். "இது ஒன்பதா இருக்கணும்."

"இல்லையே. நாலு பேர்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நாலும் நம்ம டீம் பசங்க."

"அது எப்படி சார் முடியும்? மூணு வகுப்புக்கும் போறவங்களே ஏழு பேர். அந்த ஏழு பேரும் ஓவியத்துக்கும் வராங்க, கால்பந்துக்கும் வராங்க. அப்புறம் எப்படி அது நாலாகும்?"

விசில் சார் பம்பை நிறுத்தினார்.

"அந்த ஏழு பேரைத்தான் முதல்லயே எண்ணி வெளிய அனுப்பிட்டேனே. எண்ணினவன் அங்கேயே நின்னா மறுபடியும் கையைத் தூக்குவான் சார். மூணுக்கும் போறவங்க யாருன்னு கேட்டேன், எண்ணினேன், மைதானத்துக்குப் போங்கடான்னு விரட்டிட்டேன். மிச்சம் இருந்தவங்ககிட்டதான் ரெண்டு ரெண்டா கேட்டேன்."

"அப்ப மேல இருக்கற நாப்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு?"

"அதெல்லாம் அந்தந்த வகுப்போட மொத்தம். பாட்டு டீச்சர், ஓவிய சார்கிட்ட கேட்டு எழுதினேன். ஏன் சார், ஏதாவது குழப்பமா? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

வட்டம் சார் கிடைத்த தாளைத் திருப்பி அங்கேயே மைதான பெஞ்சில் வரைந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் போட்ட வட்டம் கோணிக்கொண்டது. நடுவில் 7. பதினைந்தை அப்படியே எழுதினார். பன்னிரண்டை அப்படியே. நாலை அப்படியே. வகுப்பில் எந்தப் பிள்ளை எழுதினாலும் சிவப்பு மை வாங்கும் அதே படம். பாட்டு மட்டும்: நாற்பத்தெட்டில் பதினைந்தும் பன்னிரண்டும் ஏழும் போக 14. ஓவியம் மட்டும்: நாற்பத்தொன்றில் பதினைந்தும் நாலும் ஏழும் போக 15. கால்பந்து மட்டும்: ஐம்பத்திரண்டில் பன்னிரண்டும் நாலும் ஏழும் போக 29. எல்லாம் கூட்டினால் 96.

சூத்திரத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு இரண்டிலும் அந்த ஏழைச் சேர்த்தால் 22, 19, 11, கூட்டினால் 52. நூற்று நாற்பத்தொன்றில் ஐம்பத்திரண்டு போய் ஏழைக் கூட்டினால் அதே 96. நூற்றிருபதில் அது போக இருபத்துநான்கு.

அன்றைக்கும் இரண்டு வழியில் போட்டு இரண்டிலும் எட்டு வந்ததே என்று நினைத்துக்கொண்டார். தப்பான எண்ணை எத்தனை வழியில் போட்டாலும் அதே தப்புதான் வந்து நிற்கும். பலகை அவரிடம் மைனஸ் மூன்று என்று சொல்லிப் பார்த்திருக்கிறது. 'நீ என்னைப் புரிந்துகொண்ட விதம் தப்பு' என்று ஒரு கணக்கு அதைவிட உரக்க எப்படிச் சொல்லும்? அவர் தன் பழக்கத்தைச் சந்தேகப்படாமல் எண்ணைத் திருத்திவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"குழு இனிமே வருஷக் கடைசியிலதான் கூடும் சார். நான் பேசறேன். ஆனா மேசையெல்லாம் தரையோட முடுக்கியாச்சு. அதில்லாம, சில பேர் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் பாத்துக்க ஆள் இருக்கற இடமா பாத்துப் போயிட்டாங்க." பிறகு கேட்டார். "நீங்க ஒரு வார்த்தை விசில் சார்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம் மேடம்," என்றார் வட்டம் சார்.

அன்று மாலை பல் மருத்துவமனைக்குப் போனார். காத்திருப்போர் கூடத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர். அக்கா மேசைக்குப் பின்னால் நீல மேலங்கி போட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னடா, பல்வலியா?"

"இல்லக்கா." பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "அந்தக் கணக்கு தப்புக்கா. எட்டு இல்ல. இருபத்தி நாலு."

அக்காவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர் தாளை விரித்து, எங்கே சறுக்கியது என்று சொன்னார். விசில் சார் ஏழு பேரை வெளியே அனுப்பியது, தான் அவர்களை மறுபடியும் கழித்தது, நாலை ஒன்பதாக்கியது, வாய் திறந்து கேட்காமல் இருந்தது, ஏன் கேட்காமல் இருந்தேன் என்பதுவரை ஒன்றையும் விடவில்லை. நடுவில் அவள் இரண்டு டோக்கன் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் திட்டவில்லை. தாளின் மூலையில் இருந்த இருபத்துநான்கின் மேல் விரலை வைத்தாள்.

"இவங்க எல்லாம் நிஜமாவே எந்த வகுப்புலயும் இல்லையா?"

"இல்லக்கா."

"நிச்சயமா?"

"இந்தத் தடவை விசில் சாரை எதிர்ல உக்கார வச்சுக் கேட்டுட்டேன்."

அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அத்தான் இறந்த வருடத்தில் இருந்த முகம் அது.

"நீ எட்டுன்னு சொன்னப்புறம், மிச்சப் பேர் எல்லாம் சும்மா வந்து உக்காந்துக்கறாங்கன்னு நினைச்சேன்டா. அவங்களால இந்த எட்டுப் பேருக்கும் கெட்ட பேரு, அரட்டைக் கூட்டம்னு சொல்லி அறையையே மூடறாங்களேன்னு எனக்கு ஆத்திரம். கடைசி ரெண்டு வாரமும் வாசல்ல நின்னு, நல்லாத் தெரிஞ்ச எட்டுப் பேரை மட்டும் உள்ள விட்டு, மிச்சவங்களை உனக்குத்தான் வகுப்பு இருக்கே, இங்க ஏன் வர்றன்னு ஒவ்வொருத்தரா விரட்டினேன்."

வட்டம் சாருக்குத் தாழ்வாரத்தின் கடைசியில் அவர் எட்டிப் பார்த்த ஏழெட்டுப் பேர் நினைவுக்கு வந்தார்கள். கணக்கு பலித்ததென்று தேற்றிக்கொண்டு திரும்பினாரே, அது கணக்கு பலித்ததல்ல. அக்கா அவர் கணக்கை நம்பி அறையை அந்த எண்ணுக்குக் குறைத்திருக்கிறாள்.

"ஒரு பொண்ணு," என்றாள் அக்கா. "ரெட்டைப் பின்னல், முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கும். எனக்கு ஒரு வகுப்பும் இல்ல ஆன்ட்டி, வீடு பூட்டியிருக்கு ஆன்ட்டின்னு அழுதா. பொய் சொல்லாதே போன்னு சொல்லி நான் கதவைச் சாத்தினேன். மறுநாள் அவ வரலை. அதுக்கப்புறம் வரவே இல்லை."

"அக்கா, அது உன் தப்பு இல்ல. நான்தான்..."

"அவ எங்க இருக்கா இப்போ?"

அவருக்குத் தெரியவில்லை. வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தியா என்றுகூட அவர் தலைமையாசிரியையிடம் கேட்டிருக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, என்னைக் கூப்பிட்டீங்களா என்று கேட்டார். இல்லை, உட்காருங்கள் என்றாள் அக்கா.

"நான் விசாரிக்கறேன்க்கா. நாளைக்கே விசாரிக்கறேன்."

"விசாரிச்சு?" என்றாள் அக்கா. "அன்னைக்கு நீ பொய் சொல்லலடி கண்ணு, எங்க கணக்குதான் தப்புன்னு போய்ச் சொல்லணுமே. அதை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவர் தாளை மடிக்கப் போனார். அக்கா கையைத் தட்டிவிட்டு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.